பித்தப்பை ஆபரேஷனும் ஒரு சம்மதப் படிவமும்: கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொல்வது எப்படி

பாலக்காடு பக்கத்து ஆஸ்பத்திரிகளில் சம்மதப் படிவம் பெரும்பாலும் மலையாளத்திலும் இங்கிலீஷிலும்தான் இருக்கும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு வீட்டுப் பேச்சு தமிழ். அதனால் வார்டில் தமிழும் மலையாளமும் தெரிந்த யாரையாவது கூப்பிட்டு, "இவங்களுக்கு இதைச் சொல்லிக் குடுங்க" என்று படிவத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்படிக் கூப்பிடப்பட்டுப் பல வருஷமாக இந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவள் நான். புதிதாக வருகிறவர்களுக்காக ஒரே ஒரு ஆபரேஷனை எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னதாகக் கீறிக் கேமரா உள்ளே விட்டு, பித்தப்பையை எடுப்பது. கல் சேர்ந்து வலி வந்து அட்மிட் ஆகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையாளம் சுத்தமாகத் தெரியாத நோயாளியிடம் வேலை சுலபம். அரைகுறையாகத் தெரிந்தவரிடம்தான் கஷ்டம். நீங்கள் தமிழில் சொல்வதற்கு முன்பே நர்ஸ் மலையாளத்தில் வாசித்திருப்பார், நோயாளி காதில் பாதி விழுந்திருக்கும். விழுந்த பாதி தப்பாகவும் விழுந்திருக்கும்.

காதில் தப்பாக விழும் சொற்கள்

படிவத்தில் "முறிவில் அணுபாத" என்று வரும். மலையாளத்தில் முறிவு என்றால் காயம், வெட்டின இடம். தமிழ்க் காதுக்கு முறிவு என்றால் எலும்பு முறிவு. வயிற்று ஆபரேஷனில் எலும்பு எதற்கு முறிகிறது என்று ஒரு பெரியவர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தார், காலையில்தான் என்னிடம் கேட்டார். "தையல் போட்ட இடத்துல சீழ் வெக்கிறது" என்றதும் "அட, அவ்வளவுதானுங்களா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வேதனை இன்னொன்று. மலையாளத்தில் அது வெறும் வலி. ஊசி குத்தினாலும் வேதனைதான். தமிழில் வேதனை என்றால் மனசு நொந்து படுகிற பாடு. "வேதன உண்டாகும்" என்பதை அப்படியே விட்டுவிட்டால் சாதாரண வலி சித்திரவதையாகிவிடும்.

ரொம்ப முக்கியமானது அவகாசம். "நிரசிக்கானுள்ள அவகாசம் எனிக்குண்டு" என்ற வரி படிவத்தின் கடைசியில் இருக்கும். மறுக்கிற உரிமை எனக்கு இருக்கிறது என்பது அதன் பொருள். தமிழில் அவகாசம் என்றால் நேரம். கேட்கிறவர் "இன்னும் டைம் இருக்காம்" என்று எடுத்துக்கொள்வார், வேண்டாம் என்று சொல்லத் தனக்கு உரிமை இருப்பதே தெரியாமல் கைநாட்டு வைப்பார். "வேண்டாம்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு. கையெழுத்துப் போட்ட பின்னாலயும், ஆபரேஷன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால வேண்டாம்னு சொல்லலாம்" என்று நீட்டியே சொல்லுங்கள்.

மலையாளம் மட்டுமல்ல, தமிழுக்குள் வந்துவிட்ட இங்கிலீஷும் ஏமாற்றும். டாக்டர் "சீரியஸ் காம்ப்ளிகேஷன்" என்பார். நம் ஊரில் சீரியஸ் என்றால் ஆள் போகப் போகிறார், சொந்தக்காரர்களுக்குப் போன் போடு என்று பொருள். "ரிஸ்க் இருக்குன்னுட்டாங்க" என்றால் டாக்டர் கையை விரித்துவிட்டார் என்று பொருள். இந்த இரண்டையும் நான் வாயில் எடுப்பதே இல்லை. ஆபத்து என்ற சொல்லையும் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போடாதீர்கள். தையலில் சீழ் வைப்பதும் ஆபத்து, உயிர் போவதும் ஆபத்து என்றால் கேட்கிறவர் எல்லாவற்றையும் பெரியதாகத்தான் எடுத்துக்கொள்வார். நான் தலைப்பாக "வரக்கூடிய சிக்கல்கள்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றையும் அதனதன் பெயரில் சொல்வேன்.

டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது

படிவம் எல்லோருக்கும் பொதுவாக அச்சடித்தது. உங்கள் முன்னால் இருப்பவருக்குச் சர்க்கரை இருக்கலாம், பித்தப்பை ஏற்கெனவே வீங்கியிருக்கலாம், முன்பே வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருக்கலாம். அதனால் நோயாளியிடம் போவதற்கு முன் படிவத்தோடு டாக்டரிடம் போய் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். "இந்த லிஸ்ட்ல இவங்களுக்கு எது எவ்வளவு வரும்? வந்தா என்ன செய்வீங்க?" இந்த இரண்டு கேள்வி போதும். பதிலை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவெடுப்பது நம் வேலை இல்லை. 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. என்ன சிகிச்சை, எதற்கு, வேறு வழி உண்டா, கணிசமான சிக்கல்கள் என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். பயமுறுத்தவோ குழப்பவோ கூடிய, வெகு அபூர்வமான அல்லது ஏட்டளவில் மட்டும் இருக்கிற சிக்கல்களை எல்லாம் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பது டாக்டரின் பொறுப்பு. அவர் சொன்னதில் நான் ஒன்றைக் குறைத்தால் அது என் தலையில் விழும்.

அந்தத் துண்டுத் தாளில் ஒரு முறை நான் குறித்தது இது. ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருவர், தென்னந்தோப்பு வேலைக்குப் போகிறவர். கல் இருக்கிறது, மூன்று தடவை வலி வந்து அடங்கியிருக்கிறது. சர்க்கரை இல்லை. லேப்ராஸ்கோப்பியில் தொடங்கி, பெரிதாகக் கீறித் திறக்க வேண்டிய நிலை வருவது 100-ல் 5 பேருக்கு. பித்தக் குழாயில் காயம் 1000-ல் 3 முதல் 5 பேருக்கு. உயிரிழப்பு 1000-ல் ஒருவருக்கும் குறைவு.

வரும், வரலாம், வர்றதுண்டு

படிவத்தின் நடு வரி இப்படி இருந்தது: "ரக்தஸ்ராவம், அணுபாத, பித்தநாளத்தினு பரிக்கு, அபூர்வமாயி மரணம் வரெ ஸம்பவிக்காம்."

என் முதல் வருஷத்தில் இதை எப்படிச் சொல்லியிருப்பேன் தெரியுமா? "ரத்தப்போக்கு, தொற்று, பித்தக் குழாயில் காயம், அபூர்வமாக நீங்கள் மரணமடையலாம்." சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் தமிழில் "லாம்" வேறு இரண்டு வேலையும் செய்கிறது. "நீங்க போலாம்" என்றால் அனுமதி. "வீட்டுக்குப் போலாம்" என்றால் வா போவோம். "நீங்க இறக்கலாம்" என்று ஒருவரின் முகத்துக்கு நேராகச் சொன்னால் அது சாபம் மாதிரி விழும். ஆபரேஷன் போகிற நேரத்தில் வாயில் வைக்கக் கூடாத பேச்சு அது.

"மரணம் ஏற்பட வாய்ப்பு உள்ளது" என்று பேப்பர்காரர்கள் மாதிரிச் சொல்வதும் சரிப்படாது. வாய்ப்பு என்றால் வேலை வாய்ப்பு, கிடைத்தால் நல்லது என்கிற சொல். "தவறிப்போறது" என்று மரியாதையாகச் சொன்னால், கை தவறுவதா உயிர் தவறுவதா என்று கேட்கிறவருக்குத் தெரியாது. "உயிருக்கு ஆபத்து" என்றால் ஆபத்து வந்து பிழைத்துக்கொள்வது என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எனக்குக் கைகொடுப்பது "வர்றதுண்டு", "நடந்திருக்கு" என்கிற வினைமுடிவுகள். "சில பேருக்கு வர்றதுண்டு" என்பதில் நிச்சயமும் இல்லை, ஒன்றுமில்லை என்கிற மழுப்பலும் இல்லை. உயிரிழப்புக்கு "ரொம்ப அபூர்வமா சில பேருக்கு உயிர் போயிருக்கு" என்பேன். ஆனால் "சில பேர்" என்று மட்டும் விட்டால், அது யாரோ எங்கேயோ என்று ஆகிவிடும். உடனே அடுத்த வாக்கியத்தை ஒட்டவைக்க வேண்டும்: "அந்தச் சில பேர் யாருன்னு முன்னாடியே கண்டுபிடிக்க முடியாது, அதனாலதான் எல்லாருக்கும் சொல்றாங்க." இந்த வாக்கியத்தை விட்டுவிட்டால் நீங்கள் பயத்தைக் குறைக்கவில்லை, தகவலைக் குறைத்துவிட்டீர்கள்.

எண்ணை எப்படிச் சொல்வது

சதவீதம் என்றதும் எங்கள் ஊரில் வட்டிதான் நினைவுக்கு வரும். 0.5 சதவீதம் என்றால் அந்தப் புள்ளி பாதிப் பேர் காதில் ஏறாது, அஞ்சு என்றே விழும். ஆள் கணக்கில் சொல்லுங்கள். ஒரே பேச்சில் நூறுக்கும் ஆயிரத்துக்கும் மாறி மாறிப் போகாதீர்கள். 100-ல் 5, 1000-ல் 4 என்று அடுத்தடுத்துச் சொன்னால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்று தோன்றும். உண்மையில் முதலாவது பத்து மடங்குக்கும் மேல். எல்லாவற்றையும் ஆயிரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்: கீறித் திறப்பது 1000-ல் 50 பேர், பித்தக் குழாய்க் காயம் 3 முதல் 5 பேர், உயிரிழப்பு ஒருவருக்கும் குறைவு.

மறு பக்கத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். "ஆயிரம் பேர்ல குறைஞ்சது 995 பேருக்குக் குழாய்க்கு ஒண்ணும் ஆகறதில்ல. மூணுல இருந்து அஞ்சு பேருக்கு ஆகுது." வராதவர்களை மட்டும் சொன்னால் ஆறுதல் வியாபாரம், வருகிறவர்களை மட்டும் சொன்னால் பயம் காட்டுவது. இரண்டும் ஒரே மூச்சில் வர வேண்டும்.

உதாரணத்தில் ஜாக்கிரதை. ஒரு முறை கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து, "ஆயிரம் தேங்காய் இறக்கினா நாலு அழுகலா இருக்குமில்லீங்களா, அது மாதிரி" என்று சொல்லிவிட்டேன். தோப்பு வேலைக்காரருக்கு எண்ணிக்கை உடனே புரிந்தது. பக்கத்தில் நின்ற அவர் மனைவி முகம் சுருங்கிவிட்டது. "எங்க ஊட்டுக்காரர அழுகல்ங்கறியா கண்ணு?" அன்றிலிருந்து மனிதர்களை மனிதர்களாகவே எண்ணுகிறேன். கல்யாண மண்டபம் நிறைய ஆயிரம் பேர், அவ்வளவு போதும்.

சொல்லும் வரிசை

படிவம் மரணத்தில் போய் முடிகிறது. நாமும் அதிலேயே முடித்தால் ராத்திரி முழுக்க அந்தக் கடைசிச் சொல்தான் காதில் நிற்கும். ஒவ்வொரு சிக்கலுக்கும் மூன்று துண்டு வைத்துக்கொள்ளுங்கள்: அது என்ன, எத்தனை பேருக்கு, வந்தால் என்ன செய்வார்கள். மூன்றாவது துண்டு இல்லாமல் அடுத்ததற்குத் தாவாதீர்கள்.

அந்த அம்மாவிடம் நான் சொன்னதைக் கிட்டத்தட்ட அப்படியே எழுதுகிறேன்.

"ஈரலுக்குக் கீழ ஒரு சின்னப் பை இருக்குதுங்கம்மா, பித்தப்பை. ஈரல்ல ஊறுற பித்தநீர அது சேத்து வெக்குது. அதுல கல்லு சேந்திருக்கு, அதான் வலி. கல்ல மட்டும் எடுத்தா மறுபடி சேரும், அதனால பையோட எடுக்கறாங்க. நாலு எடத்துல சின்னதா கீறி, ஒரு கேமராவும் கருவியும் உள்ள விட்டு எடுப்பாங்க. அப்ப நீங்க மயக்கத்துல இருப்பீங்க. மயக்க டாக்டர் ஒருத்தர் மூச்சையும் நாடியையும் பாத்துக்கிட்டுப் பக்கத்துலயே இருப்பாரு."

"முழிச்ச பின்னாடி தொண்டை கரகரன்னு இருக்கும், மூச்சுக்காகத் தொண்டையில குழாய் போட்டதால. தோள்பட்டை வலிக்கறதுண்டு. அது நெஞ்சு வலி இல்ல, வயித்துக்குள்ள காத்து ஊதுனதால வர்றது. ரெண்டு மூணு நாள்ல போயிரும்." தோள்பட்டை வலியை நான் எப்போதும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் மறுநாள் ஹார்ட் அட்டாக் என்று வார்டே கூடிவிடும்.

"சில சமயம் உள்ள ஒட்டிக்கிட்டு இருந்து, கேமராவுல சரியாத் தெரியாது. அப்பக் கண்ணாலயே பாத்துச் செய்யறதுக்காகக் கொஞ்சம் பெருசாக் கீறுவாங்க. ஆயிரத்துல அம்பது பேருக்கு அப்படி ஆகுது. ஆபரேஷன் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்லீங்க, பத்திரமாச் செய்யறதுக்காக மாத்திக்கறது. நீங்க மயக்கத்துல இருக்கறப்பக் கேக்க முடியாதுன்னு, அதுக்கும் சேத்துத்தான் இப்பவே சம்மதம் கேக்கறாங்க."

"ரத்தம் கொஞ்சம் கூடப் போறதுண்டு, போனா நிறுத்துவாங்க, தேவைப்பட்டா ரத்தம் ஏத்துவாங்க. பைக்குப் பக்கத்துல போற பித்தக் குழாய்ல காயம் படறது ஆயிரத்துல மூணுல இருந்து அஞ்சு பேருக்கு. அது பெரிய சிக்கல்தானுங்கம்மா, சின்னதுன்னு சொல்ல மாட்டேன். சரி பண்ண இன்னொரு ஆபரேஷன் வேண்டி வரும், நாள் எடுக்கும். வீட்டுக்குப் போன பின்னாடி காய்ச்சல் வந்தாலோ, கண்ணு மஞ்சளா ஆனாலோ, வயித்து வலி கூடிக்கிட்டே போனாலோ அன்னைக்கே வந்துருங்க. ஆயிரத்துல ஒருத்தருக்கும் கொறைவா உயிர் போயிருக்கு. யாருக்குன்னு முன்னாடி தெரியாது, அதான் எல்லாருக்கும் சொல்றாங்க. அதுக்காகத்தான் ரத்தப் பரிசோதனை, ஈசிஜி எல்லாம் முதல்லயே எடுத்தது."

"ஆபரேஷன் வேண்டாம்னா, எண்ணெய் கொழுப்பக் குறைச்சு இருந்து பாக்கலாம். ஆனா கல்லு அங்கயே இருக்கும். மறுபடி வலி வர்றதுண்டு. கல்லு நழுவிக் குழாய அடைச்சா மஞ்சக்காமாலை வரும், கணையம் வீங்கறதும் உண்டு. அப்ப அவசரமா வைத்தியம் பண்ண வேண்டி வரும்."

இதில் நான் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம் இருக்கிறது: "ஒண்ணும் ஆகாது." நாக்கு நுனிக்கு வரும். அது படிவத்தில் இல்லை, டாக்டரும் சொல்லவில்லை. "சாமி பாத்துக்கும்" என்பதையும் நான் சொல்வதில்லை. நம் பேச்சில் டாக்டர் கைவிட்ட இடத்தில்தான் சாமி வருவார், கேட்கிறவர் அப்படித்தான் புரிந்துகொள்வார்.

திருப்பிச் சொல்லச் சொல்வது

"புரிஞ்சுதுங்களா?" என்று கேட்டால் "செரிங்க" என்றுதான் பதில் வரும். அது மரியாதைக்குச் சொல்வது. நான் இப்படிக் கேட்பேன்: "ஊட்டுல மருமக கேட்டா என்னன்னு சொல்லுவீங்கம்மா?"

அந்த அம்மா எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார், ஆயிரத்தில் எத்தனை பேர் என்பது உட்பட. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பைய எடுத்துட்டா பித்தம் தங்க எடமில்லாம தலைக்கு ஏறிருமாங்க கண்ணு? புத்தி பேதலிச்சுருமோன்னுதான்" என்றார். படிவத்தில் எங்கும் இல்லாத பயம். தமிழில் பித்தம் என்றால் தலைசுற்றல், பித்து என்றால் பைத்தியம். நானே "பித்தப்பை, பித்தநீர்" என்று பத்துத் தடவை சொல்லி அந்தப் பயத்தைக் கிளப்பிவிட்டிருந்தேன். டாக்டரைக் கூப்பிட்டேன், நானாகப் பதில் சொல்லவில்லை. அவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன்: "பித்தநீர் ஈரல்ல இருந்து நேரா குடலுக்குப் போயிரும். பை வெறும் தொட்டிதான். சில பேருக்குக் கொஞ்ச நாள் எண்ணெய்ப் பலகாரம் தின்னா வயிறு இளகும், அவ்வளவுதான்." இப்போதெல்லாம் இதை யாரும் கேட்பதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்கிறேன். இன்னொரு கேள்வியும் கட்டாயம் வரும்: வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரையாதா? அவர்கள் சிறுநீரகக் கல்லை நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள் என்று பொருள். எந்தக் கல், எந்த இடம் என்று படம் வரைந்து காட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

வீட்டார் குறுக்கே வந்தால்

மகன் வராந்தாவில் நிறுத்தி, "அம்மாகிட்ட உயிர் கியிருன்னு எல்லாம் சொல்லாதீங்க அக்கா, பயந்துரும்" என்பார். பாசத்தில் சொல்வது. நான் சரி என்றும் சொல்வதில்லை, முடியாது என்று மோதுவதும் இல்லை. "இத டாக்டர்கிட்டச் சொல்லுங்க தம்பி, அவரு முடிவு பண்ணட்டும்" என்று கூட்டிக்கொண்டு போய்விடுவேன். புத்தி தெளிவாக இருக்கிற பெரியவருக்கு வேறு யாரும் சம்மதம் கொடுக்க முடியாது. அந்த மகன் உள்ளே உட்கார்ந்து கேட்கட்டும், அம்மாவுக்கு ஆசை என்றால். நீங்கள் சொல்லும்போது நடுவில் அவர் மொழிபெயர்க்க மட்டும் விடாதீர்கள்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. தியேட்டர் வாசலில், ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவரிடம் படிவத்தை நீட்டினால் அது விளக்கம் ஆகாது. தூக்க மருந்து கொடுத்த பிறகும் கூடாது. முதல் நாள் சாயங்காலம், சாப்பிட்டு முடித்த பிறகு, நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லுங்கள். நின்றுகொண்டு சொன்னால் கேள்வி வராது.

கையெழுத்து

படிவத்தின் அடியில் "எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டது" என்ற வரி மலையாளத்தில் இருக்கும். விளக்கி முடிக்கும் வரை அதன் கீழே யாரையும் கையெழுத்துப் போட விடாதீர்கள். கைநாட்டு வைப்பவர் என்றால் வீட்டாரும் ஆஸ்பத்திரி ஆளும் இல்லாத ஒரு சாட்சி இருந்தால் நல்லது. பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினரைக் கூடக் கேட்கலாம். அதன் பக்கத்தில் நான் என் கையால் எழுதுவேன்: தமிழில் விளக்கினேன், என்னென்ன எண் சொன்னேன், நோயாளி திருப்பிச் சொன்னார், என்ன கேள்வி கேட்டார், டாக்டர் என்ன பதில் சொன்னார், தேதி, மணி, என் பெயர்.

அந்த அம்மாவின் படிவத்தில் "பித்தம் தலைக்கு ஏறுமா என்று கேட்டார்; ஏறாது என்று டாக்டர் விளக்கினார், மாலை 6.40" என்று எழுதினேன். மறுநாள் காலை ஃபைலைப் புரட்டிய மயக்க டாக்டர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுச் சிரித்துவிட்டு, தியேட்டருக்குள் போனதும் அந்த அம்மாவிடம் தனக்குத் தெரிந்த தமிழில் அதையே இன்னொரு தடவை சொன்னாராம்.